பல்கனிக்குப் பாதுகாப்புக் கிறில் பொருத்தித் தருமாறு கோரல்

மேல்மாடி,
டைக் வீதி,
திருகோணமலை.
14.07.2025

மதிப்புக்குரிய ஐயா,

தங்களுடைய வீட்டின் மேல்மாடியில் கடந்த பெப்ரவரி மாதம் முதல் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்து வருகிறோம். வீட்டில் எமக்கு எக்குறையும் இல்லை. ஆயினும் வீதிப் பக்கப் பல்கனியைப் பற்றித் தங்களுக்கு எழுத வேண்டிய நிலை ஏற்பட்டுள்ளது.

கடந்த சனிக்கிழமை மாலை, கோட்டைப் பக்கமிருந்து வந்த மான்கள் கீழே வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்தபோது, நான்கு வயதான என் மகன் அவற்றைப் பார்க்கும் ஆவலில் பல்கனிக் கம்பியில் ஏறி, மூன்றாவது கம்பியில் கால் வைத்து, இடுப்புக்கு மேல் முழுவதும் வெளியே சாய்ந்தபடி நின்றான். நான் சத்தம் போட்டால் திடுக்கிட்டு விழுந்துவிடுவானோ என்று பயந்து, மெல்ல நடந்து போய்ப் பின்னால் பிடித்து இறக்கினேன். கீழே இருப்பது சீமெந்துத் தரை.

அங்குள்ள தடுப்பு மூன்றடி உயரமே உள்ளது. அதைவிட, கம்பிகள் குறுக்காகப் போடப்பட்டிருப்பதால் அது பிள்ளைகளுக்கு ஏணிபோல் ஆகிவிடுகிறது. இரண்டு கம்பிகளுக்கிடையே ஆறு அங்குல இடைவெளி இருப்பதால், இப்போதுதான் நடக்கப் பழகும் மகள் அதனூடாகவே நுழைந்துவிடக் கூடும். இந்தக் கச்சான் காலத்து வெக்கையில் கதவை எந்நேரமும் பூட்டி வைத்திருக்கவும் முடியவில்லை. கதிரைகளை உள்ளே எடுத்துவிட்டு, மீன் வலையொன்றை மடித்துக் கட்டியிருக்கிறோம். அது தற்காலிக ஏற்பாடு மட்டுமே, ஒரு பிள்ளையின் பாரத்தை அது தாங்கும் என்று நம்பி இருக்க முடியாது.

ஆகவே, பல்கனித் தரையிலிருந்து மேல்தட்டு வரை முழுவதும் மூடும் கிறில் ஒன்றைப் பொருத்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கம்பிகள் நிலைக்குத்தாகவும், இடைவெளி நான்கு அங்குலத்துக்குக் குறைவாகவும் இருப்பது அவசியம். தீ போன்ற ஆபத்து வேளையில் வெளியேறுவதற்கு, பூட்டித் திறக்கக்கூடிய ஒரு பகுதியும் இருந்தால் நல்லது. கடற்காற்றில் சாதாரண இரும்பு விரைவில் கறள் பிடிக்கும் என்பது தாங்கள் அறியாததல்ல. மாடிப்படிக் கைப்பிடியின் அடிப்பகுதி இப்போதே உதிர்கிறது. எனவே நாகம் பூசிய குழாயில் செய்து, ஒட்டிய இடங்களுக்குக் கறள் தடுப்புப் பூச்சும் பூசுவதே நீடித்து நிற்கும்.

ஒட்டு வேலை செய்பவர் ஒருவரை அழைத்து அளந்து பார்த்ததில், எழுபது சதுர அடிக்கு 84,000 ரூபாய் வரும் என்றார். அவருடைய மதிப்பீட்டை இத்துடன் இணைத்துள்ளேன். தங்களுக்கு நம்பிக்கையான வேறொருவரைக் கொண்டு செய்விப்பதானாலும் எமக்குச் சம்மதமே. தற்போது பணம் ஒதுக்குவது சிரமமெனில், முழுத் தொகையையும் நாங்கள் கொடுத்துவிட்டு, ஆறு மாதங்களுக்கு மாத வாடகையில் 14,000 ரூபாய் வீதம் கழித்துக்கொள்ளத் தாங்கள் எழுத்தில் இணங்கினால் போதும். நாங்கள் வீட்டை விட்டுச் செல்லும்போது கிறில் வீட்டுடனேயே இருக்கும்.

தங்கள் அனுமதியின்றிச் சுவரில் துளையிட நான் விரும்பவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒருமுறை நேரில் வந்து பார்த்து, தங்கள் முடிவைத் தெரிவித்தால், மாத இறுதிக்குள் வேலையை முடித்துவிடலாம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ச. யோகராணி