மேல் தட்டுச் சரக்கு

ஷட்டரை இறக்கிவிட்டு அப்பா கல்லாவை எண்ண உட்கார்ந்தார். நித்யா லேப்டாப்பைத் தொடவில்லை. சரக்கு நோட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மாசம் 2000 ஓய்வூதியத் திட்டத்துல போடுங்கப்பா. உங்களுக்கு 48 ஆகுது. 60 வரைக்கும் 12 வருஷம் இருக்கு."

"போட்டா?"

"வருஷம் 8 சதவீதம்னு வெச்சா சுமார் 4,81,000 சேரும். கட்டுறது 2,88,000. அந்த எட்டுக்கு உத்தரவாதம் இல்ல, கூடக்குறைய வரும்."

அப்பாவுக்குச் சிரிப்பு. "2000-க்குச் சரக்கெடுத்தா ஒரே மாசத்துல 200 நிக்கும். வருஷத்துக்கு எட்டாம்!"

வியாபாரம் தெரிந்த எவரும் கேட்கிற கேள்விதான். நித்யா நோட்டைப் புரட்டினாள். "ஓடுற சரக்குக்கு உங்ககிட்ட எப்பவும் பணம் இருக்கு. கூட வர்ற பணம் எங்க போகுது பாருங்க. மேல் தட்டுல விக்காம கிடக்கிறது மட்டும் 31,000. அதுல பாதி தேதி முடிஞ்சது. அந்த 200-ம் நீங்க கல்லாவுல நிக்கிறவரைக்கும்தான்."

"கடையை வித்தா காசு வராதா?"

"வாடகை இடம்ப்பா. வித்தா அலமாரியும் தராசும்தான். கடன் நோட்டை யாரு வாங்குவா?"

அம்மா அருகில் வந்து உட்கார்ந்தாள். "60-ல மாசம் எவ்வளவுடி வரும்?"

"4,81,000 முழுசையும் 6 சதவீதத்துல போட்டா 2400."

"மருந்துக்கே பத்தாதே."

"பத்தாதும்மா. அதான் வருஷாவருஷம் 10 சதவீதம் கூட்டிக் கட்டணும். அடுத்த வருஷம் 2200. அப்படிப் போனா 7,80,000 சேரும், மாசம் 3900. கூட்டாம, அஞ்சு வருஷம் கழிச்சு ஆரம்பிச்சா 2,24,000-தான்."

"நடுவுல அவசரம்னா?" என்றார் அப்பா.

"சுலபத்துல எடுக்க முடியாது. அதனால மூணு மாச வீட்டுச் செலவைத் தனியா வங்கியில வெச்சுட்டுத்தான் இதை ஆரம்பிக்கணும்."

"அவருக்கு அப்புறம்?" அம்மா அப்பாவைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஓய்வூதியத்தை ஒருத்தர் ஆயுளுக்குன்னு எடுத்தா மாசத் தொகை கொஞ்சம் கூட வரும், அவரோட நின்னுடும். ரெண்டு பேருக்கும்னு எடுத்தா குறையும், ஆனா உனக்குத் தொடரும். அதை 60-ல முடிவு பண்ணலாம். இப்ப நாமினி பேர் போதும்."

"அப்ப என் பேருலயும் ஒண்ணு தனியா போடு. 500. நானும்தானே காலையிலேர்ந்து நிக்கிறேன்."

அப்பா நோட்டை மூடினார். மொத்தக்கடையில் பேரம் பேசும் அதே குரலில், "எனக்கு 1500. ரெண்டும் சேர்த்து 2000 ஆச்சு."

"வருஷம் 10 சதவீதம்?"

"முதல்ல ஒரு வருஷம் ஓடட்டும்."

நித்யா ஒத்துக்கொண்டாள். படிவத்தில் பணம் பிடிக்கும் தேதி என்ற இடத்தில் 7 என்று எழுதப் போனபோது அப்பா பேனாவைப் பிடித்தார். "ஏழு வேணாம்மா. பத்தாம் தேதி சரக்குக்காரர் செக் பாஸாகும். அதுக்கு முன்னாடி நீ 2000 எடுத்தா செக் திரும்பிடும், வங்கியில அபராதமும் போடுவான். 12 போடு. அதுக்குள்ள ரெண்டு நாள் வசூல் கணக்குல ஏறிடும்."