செவலைக் கன்று

கம்பத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் அந்தக் கன்று நின்றது. காங்கேயம் கன்று. இப்போதுதான் செவலை, ஆறு மாதம் போனால் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். மாரியம்மன் பொங்கல் குலுக்கலில் அதுதான் முதல் பரிசு. காலையில் மாவிளக்கு எடுத்து வந்ததிலிருந்து தேன்மொழியின் அம்மா அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டுத் தொழுவம் மூன்று வருடமாகக் காலி.

தேன்மொழிக்கு ஒன்பது வயது. அண்டாவைப் பிடித்துக்கொள்வது அவள் வேலை. வீட்டுக்கு ஒரு சீட்டாக நூற்றி எண்பது. மூன்றில் மட்டும்தான் எழுத்து. எடுப்பவர்கள் கம்பத்தைப் பார்த்தபடி கையை விட வேண்டும்.

மூன்றாம் பரிசுச் சீட்டைப் பிரித்தபோது அவள் கவனிக்கவில்லை. இரண்டாவது வந்தபோது கவனித்தாள். ஓரத்துக் காது உள்ளே செருகியிருந்தது. மற்ற சீட்டுகள் நேற்று பிள்ளைகள் சேர்ந்து மடித்தவை. ரெண்டு மடிப்பு, அவ்வளவுதான், வாய் திறந்தே கிடந்தன. இது திருநீற்றுப் பொட்டலம் மாதிரி இருந்தது. அவளுடைய அப்பாரு கோயிலில் பூசை செய்பவர். பரிசுச் சீட்டுகளை எழுதியதும் அவர்தான். நாற்பது வருடம் திருநீறு மடித்த கை அதையும் அப்படியே மடித்துவிட்டது.

அண்டாவுக்குள் பார்த்தாள். இடது ஓரத்தில், காது செருகிய சீட்டு ஒன்றே ஒன்று.

அடுத்து அம்மா வந்தாள். கண் கம்பத்தில். விரல்கள் சீட்டுகளுக்குள் துழாவின. அண்டாவை லேசாகச் சாய்த்தால் போதும், அது அம்மாவின் கைக்கே வந்துவிடும். தேன்மொழியின் உள்ளங்கை வேர்த்தது. கன்று ஒருதரம் கத்தியது.

"அம்மா, எடுக்காதீங்க."

சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அப்பாரு எழுந்து வந்தார்.

"ஏஞ்சாமி?"

"அந்தச் சீட்டு உங்க மடிப்புங்க அப்பாரு. பாத்தாலே தெரியுதுங்க."

அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார். "தப்பு என்னோடதுங்க. மொதல்ல இருந்து போடலாமுங்க."

பரிசாகக் குத்துவிளக்கு வாங்கியவர் முகம் சுண்டியது. இருந்தாலும் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். தென்னந்தோப்புக்காரர் மிச்சம் கிடந்த சொட்டுநீர்க் குழாயைக் கொண்டுவந்து விரலளவு துண்டுகளாக நறுக்கினார். ஒவ்வொரு சீட்டையும் சுருட்டி ஒவ்வொரு துண்டுக்குள் தள்ளினார்கள். பொழுது சாய்ந்துவிட்டது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

அண்டாவைக் குலுக்கியபோது எல்லாம் ஒன்றுபோலக் கடகடத்தன. எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே நீளம்.

அம்மா மறுபடி கையை விட்டாள். எது என்னவென்று தேன்மொழிக்கு இப்போது தெரியாது. ஆனாலும் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.