சிரசாசனம் பற்றி அக்காவுக்கு

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள அக்கா,

நீங்கள் கேட்ட சான்றிதழின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். அது 200 மணிநேர யோகா ஆசிரியர் பயிற்சிக்கானது. ஆசனம், மூச்சுப் பயிற்சி, உடற்கூறு, கற்பிக்கும் முறை எல்லாம் அதில் அடங்கும், வைத்தியம் அடங்காது. அதனால் பிரஷர் குளிசையைக் குறைக்கலாமா என்பதை டொக்டரிடம்தான் கேட்கவேண்டும்.

தை மாதம் கதிரையைப் பிடிக்காமல் ஒற்றைக் காலில் நிற்க உங்களால் முடியவில்லை. இப்போது விருட்சாசனத்தில் ஐந்து மூச்சுக்கு நிற்கிறீர்கள், கையூன்றாமல் நிலத்திலிருந்து எழும்புகிறீர்கள். குனிந்து கால்விரலைத் தொடுவதைவிட இதையே நான் பெரிதாக நினைக்கிறேன். வயது போகப்போக விழாமல் இருப்பதற்கு இந்தப் பலம்தான் வேண்டும்.

ஆனால் நீங்கள் செய்ய விரும்பும் சிரசாசனம் வேண்டாம் அக்கா. தலைகீழாக நின்றால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். உங்களுக்குக் குளுக்கோமா இருக்கிறது, பிரஷரும் இருக்கிறது. யூடியூபில் உங்கள் வயதுக்காரர் செய்தாலும் அவருடைய கண் வேறு, உங்களுடையது வேறு. கையும் காலும் ஊன்றித் தலையைக் கீழே விடும் அதோமுக சுவானாசனத்தையும் விட்டுவிடுவோம். அதற்குப் பதிலாகச் சுவரில் கைவைத்து, தலை இடுப்புக்குக் கீழே போகாமல் முதுகை நீட்டலாம். பிராணாயாமத்தில் மூச்சை அடக்காதீர்கள். மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள்.

தலைசுற்றோ நெஞ்சுநோவோ வந்தால் உடனே நிறுத்துங்கள். நெஞ்சுநோ என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதிக்கவே கூடாது. இந்த வெயிலுக்கு விடிய ஆறு மணி வகுப்புத்தான் நல்லது.

செவ்வாய்க்கிழமை வரும்போது கிளினிக் கொப்பியையும் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் யோகா ஆசிரியை