ஆடி ஞாயிறு தள்ளுபடி பேனர்: படம் உருவாக்கும் பிராம்ப்ட்

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வீடுகளுக்குக் காய்கறி டெலிவரி செய்யும் ஆன்லைன் மளிகைக் கடையின் முகப்புப் பக்கத்துக்கு ஒரு பேனர் படம் உருவாக்கவும். அளவு 1920 × 640 பிக்ஸல், கிடைமட்டம். கேமராவில் எடுத்த போட்டோ போல இருக்க வேண்டும். ஓவியமோ கார்ட்டூனோ வேண்டாம்.

காய்கறிகள் எல்லாம் இடது பக்கம் ஒரே குவியலாக இருக்கட்டும். இடது ஓரத்தில் 60 பிக்ஸல் விட்டுத் தொடங்கி 1000 பிக்ஸலுக்குள் முடிய வேண்டும். 1056 பிக்ஸலிலிருந்து வலது ஓரம் வரை முழுக்கக் காலி. அங்கே ஒரு கறிவேப்பிலை இலைகூட விழக்கூடாது. "காய்கறிக்கு 25% வரை தள்ளுபடி" என்ற வரி பிறகு அந்த இடத்தில்தான் ஏறப்போகிறது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, மேலே புள்ளியும் சுழியும் வரும் எழுத்துகளுக்கு வரிகளுக்கு நடுவிலும் இடம் தேவை. மூன்றில் ஒரு பங்கு இடம் போதாது.

பின்னணி #FFF4DC, வெளிர் சந்தன நிறம். தரையும் சுவரும் சேரும் கோடு தெரியாமல் ஒரே பரப்பாக வளைந்து ஏற வேண்டும். கோடு தெரிந்தால் அது தள்ளுபடி எழுத்தின் நடுவில் குறுக்கே ஓடும். மரப்பலகை, கல், துணி போன்ற எந்தப் புடைப்பும் வேண்டாம். எழுத்தின் நிறம் #7A1220, அதனால் காலி இடம் முழுக்க ஒரே வெளிச்சத்தில் இருக்கட்டும். ஓரம் கருத்துப் போவதும் நடுவில் ஒளிவட்டம் விழுவதும் கூடாது.

வெளிச்சம் வலது மேல்பக்கத்திலிருந்து வரட்டும், காலை ஏழு மணி வெயில் போல மென்மையாக. அப்போதுதான் நிழல் இடப்பக்கம் விழும். இடமிருந்து வெளிச்சம் வந்தால் குவியலின் நிழல் காலி இடத்துக்குள் நீண்டுவிடும். கேமரா குவியலைவிடச் சற்று உயரத்திலிருந்து பார்க்கட்டும், எல்லாக் காயும் கூர்மையாகத் தெரியட்டும்.

குவியலின் நடுவில் அகலமான மூங்கில் கூடை. அதில் நாட்டுத் தக்காளி ஐந்தாறு: சற்றுத் தட்டையாக, மேல்பக்கம் மடிப்புகளோடு, காம்பைச் சுற்றி லேசான பச்சை. முட்டை வடிவ பெங்களூரு தக்காளி வேண்டாம். பக்கத்தில் கைக்கு அடங்கும் ஊதாக் கத்தரிக்காய் நான்கு, பச்சைக் காம்போடு. பாட்டில் போல நீண்ட பெரிய கத்தரி வந்துவிடக் கூடாது. கூடைக்குப் பின்னால் சாய்த்து வைத்த முருங்கைக்காய் ஆறு, வாழை நாரில் கட்டியது. முருங்கைக்காய்தான் அதிகம் பிசகும்: பீன்ஸாகவோ புடலங்காயாகவோ மாறிவிடும். நீளவாக்கில் வரம்புகள், கரும்பச்சை, விரல் பருமன், ஒரு முழத்துக்கு மேல் நீளம் என்று தெளிவாகக் காட்டவும்.

கூடைக்கு முன்னால் ஒரு முறத்தில் சின்ன வெங்காயம், இளஞ்சிவப்புத் தோல் லேசாக உரிந்தபடி. அதன் ஓரமாக முருங்கைக்கீரை ஒரு கட்டு, சின்னச் சின்ன வட்ட இலைகளோடு. ஆடிக் கூழ் ஊற்றும் வீட்டில் இந்த இரண்டையும் முதலில் தேடுவார்கள், ஆகவே மறைக்காமல் முன்வரிசையில் வைக்கவும். இடது கோடியில் குடுமியோடு உரித்த தேங்காய் ஒன்று, எலுமிச்சை மூன்று, மஞ்சள் பூசணிக் கீற்று ஒன்று. உயரம் இடதுபக்கம் அதிகமாகி வலப்பக்கம் சரிந்து இறங்கட்டும். பார்ப்பவர் கண் தானாகத் தள்ளுபடி எழுத்துக்குப் போகும்.

கூடை விளிம்பில் ஒரு வேப்பிலைக் கொத்து செருகியிருக்கட்டும். ஆடி என்று சொல்ல அது போதும். சாமி படம், விளக்கு, குங்குமம் வேண்டாம். பேனரை ஓரம் வெட்டிப் போடும்போது சாமி முகம் பாதியில் வெட்டுப்படுவது மரியாதை ஆகாது.

காய்கள் நேற்று மாலை பறித்தது போல இருக்கட்டும். ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் நீர்த்துளி. எல்லாவற்றின் மேலும் துளி தெளித்தால் மெழுகு பூசிய பொம்மைக் காய் போலாகிவிடும். தக்காளியில் ஒரு சின்னத் தழும்பு, கீரையில் சற்று வளைந்த இலை இருந்தால் நல்லது. ஒரு காய் இன்னொன்றுக்குள் ஒட்டிப் போகக் கூடாது, காம்பு அந்தரத்தில் நிற்கக் கூடாது.

எழுத்து, எண், விலைச்சீட்டு, லோகோ எதுவும் படத்தில் வேண்டாம். தமிழ் எழுத்து போன்ற கிறுக்கலும் வேண்டாம். எழுத்தை நாங்கள் தனியாக ஏற்றுவோம். புரோக்கலி, லெட்யூஸ், ஆப்பிள், கைகள், முகங்கள், பிளாஸ்டிக் பை, பறக்கும் காய்கள் வேண்டாம்.

இதே காட்சியை மொபைலுக்கு 1080 × 1350 அளவிலும் தரவும். கிடைமட்டப் படத்தை வெட்டி எடுக்க வேண்டாம், புதிதாக அடுக்கவும்: மேலே 600 பிக்ஸல் காலி, அதற்குக் கீழே குவியல், அடியில் 120 பிக்ஸல் ஆர்டர் பட்டனுக்காக வெறும் பின்னணி. வெளிச்சமும் நிறமும் முதல் படத்தில் உள்ளபடியே.