இடமாறுதல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவது குறித்து

பாலக்காடு
19.05.2025

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம் சார். இடமாறுதல் பட்டியலில் என் பெயர் வந்திருப்பதாக நீங்கள் போனில் சொன்னபோது, சந்தோஷம் என்றுதான் சொன்னேன். பொய்யில்லை. பாலக்காடு டவுன் பள்ளி வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. இப்போது கொழிஞ்சாம்பாறை வர 6:50 பஸ்ஸை விட்டால் சித்தூரில் நின்று தவம் கிடக்க வேண்டும். மாமியாருக்கு மூட்டு ஆபரேஷன் ஆகி மூன்று மாதம்தான் ஆகிறது. மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். வீட்டில் எல்லோரும் 'போயிரு' என்கிறார்கள்.

இருந்தாலும் நான் போகவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன வருஷம் நான் லீவில் இருந்த மூன்று வாரம் இரண்டாம் வகுப்பைப் பார்த்துக்கொண்ட தினக்கூலி டீச்சர் நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. தென்னந்தோப்பு வேலைக்குப் பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் அழுதிருக்கிறான். அழ வேண்டாம் என்பதை அவர் மலையாளத்தில் 'கரையண்டா' என்று சொல்லித் தேற்றியிருக்கிறார். நான் திரும்பி வந்த அன்று அவன் கேட்டான்: "நா எதுக்கு டீச்சர் கரையோணும், நா என்ன சக்கரையா?" சிரித்துவிட்டேன். பிறகு அவன் நோட்டைப் பார்த்தேன். மூன்று வாரமும் போர்டில் இருந்ததைப் படம் வரைவது போல வரைந்து வைத்திருந்தான். ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியவில்லை.

நான் போனால் அந்த இடத்துக்குத் தமிழ் மீடியம் டீச்சர் ஜூன் மாதமே வருவார் என்று உங்களால் சொல்ல முடியுமா சார்? டீச்சர் இல்லை என்று தெரிந்தால் நாலு பேர் டி.சி. வாங்கிவிடுவார்கள். ஆறாவது வேலை நாள் போஸ்ட்டுக்காகத் தலை எண்ணும்போது அதுவே நம் கழுத்துக்கு வரும்.

ஆகவே என் விண்ணப்பத்தை வாபஸ் வாங்குகிறேன். இதை ஏ.இ.ஓ. ஆபீசுக்கு அனுப்பிவிடுங்கள். இந்த ஒரு வருஷம்தான். அடுத்த முறை மறுபடி கேட்பேன், அப்போது யாரும் என்னைத் தியாகி ஆக்க வேண்டாம்.

எனக்கும் ஒன்று வேண்டும். மதிய உணவுக் கணக்கு நாலு வருஷமாக என் தலையில் இருக்கிறது. அரிசி வரவு, முட்டை, பால், காய்கறி பில் எல்லாம் எழுதி முடிக்க மூன்றரை ஆகிவிடுகிறது. மெதுவாகப் படிக்கிற பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கும் நேரம் அதிலேயே போகிறது. இந்த வருஷம் அதை வேறு யாருக்காவது கொடுங்கள். பழகும்வரை கூட இருந்து காட்டித் தருகிறேன். கொடுக்க முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், இந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டாம்.

அரிசி ரூம் சாவி என்னிடம்தான் இருக்கிறது. 30-ஆம் தேதி மீட்டிங்குக்கு வரும்போது கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ப. கோமதி
இரண்டாம் வகுப்பு ஆசிரியை