கணக்கு சாருக்கு ஒரு கடிதம்

பாம்பன்,
1.9.2025

அன்பும் மரியாதையும் நிறைந்த கணக்கு சாருக்கு,

மிக்கேல் எழுதுகிறேன். 2003-ல் உங்களிடம் பத்தாவது படித்தவன். ஜன்னல் ஓரம், கடைசிக்கு முந்தின பெஞ்சு. வெள்ளிக்கிழமை ஆசிரியர் தினத்துக்குள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று இன்றே தபாலில் சேர்க்கிறேன். உங்களுக்குக் கண் ஆபரேஷன் ஆனதாகப் பரமக்குடியிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். அதனால்தான் எழுத்தைப் பெரிதாகவே எழுதியிருக்கிறேன். நீங்களே படிக்க வேண்டும் சார், வேறு யாரையும் படித்துக் காட்டச் சொல்லாதீர்கள்.

போனில் பேசியிருக்கலாம். பேசினால் "நல்லா இருக்கியா, பிள்ளைகள் நல்லா இருக்கா" என்பதோடு முடிந்துவிடும். நான் சொல்ல நினைப்பது இருபத்து மூன்று வருடமாகத் தொண்டையிலேயே நிற்கிறது.

ஒன்பதாவதில் அரைப் பரீட்சைக் கணக்கில் நான் இருபத்தேழு. பேப்பரைக் கொடுக்கும்போது நீங்கள் திட்டவில்லை. "சாயங்காலம் வராண்டாவுக்கு வா" என்றீர்கள், அவ்வளவுதான். அன்றிலிருந்து தினம் ஒரு மணி நேரம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல் பக்கமிருந்து மணல் வந்து நோட்டில் விழும். நீங்கள் ஒரு கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் கணக்குப் போடுவீர்கள். பாலம் தாண்டிப் போகிற கடைசி பஸ் வரும்வரை நடக்கும். காசு பற்றி ஒரு பேச்சு கிடையாது. அம்மா ஓலையில் சுற்றி மீன் கொடுத்து அனுப்பினால் மட்டும், விலையைக் கேட்டு என் சட்டைப் பையில் வைத்துவிட்டுத்தான் வாங்குவீர்கள்.

நான் சொல்ல வந்தது அந்தப் பங்குக் கணக்கு பற்றி. உங்களுக்கு நினைவிருக்குமா தெரியவில்லை.

அப்பா அப்போது வேறொருவர் விசைப்படகில் ஆளாகப் போய்க்கொண்டிருந்தார். வீட்டில் பணம் போதவில்லை என்ற பேச்சு எப்போதும் ஓடும். நீங்கள் அந்த வாரம் விகிதம் நடத்தினீர்கள். எனக்கு முதல்முறையாக ஒரு கணக்கு புரிந்தது. உடனே வீட்டில் உட்கார்ந்து அப்பாவின் பங்கைப் போட்டுப் பார்த்தேன். மீன் விற்றது 9,600 ரூபாய். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு 2,400. மீதி 7,200-ல் பாதி படகுக்கு, பாதி ஆட்களுக்கு. ஆறு பேர். ஆளுக்கு 600 வர வேண்டும். அப்பா கொண்டுவந்தது 450.

எனக்கு ரத்தம் கொதித்தது. படகுக்காரர் எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பாவை ஏமாற்றுகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வராமல் நேராக அவர் வீட்டு வாசலுக்குப் போய்ச் சத்தம் போடுவதாக நினைப்பு. நல்லவேளை, அன்று சாயங்காலமே வராண்டாவில் உங்களிடம் நோட்டைக் காட்டினேன். நீங்கள் முழுவதும் படித்துவிட்டு, "வழி சரி. விடையைத் திரும்பப் போட்டுப் பார்த்தியா?" என்றீர்கள். "போட்டுப் பார்த்தேன் சார், அறுநூறுதான்." "நோட்டில் இருக்கிறதைத்தான் திரும்பப் போட்டிருக்கே. நோட்டில் எழுதாமல் விட்டது ஏதாவது இருக்கான்னு உங்க அப்பாகிட்ட கேட்டுட்டு வா. அப்புறம் சண்டைக்குப் போ, நானும் வர்றேன்."

ராத்திரி கேட்டேன். அப்பா வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார், போன வாரம் முன்பணமாக 150 வாங்கியிருந்தாராம். எனக்கு யூனிஃபார்ம் துணியும் ஜியாமெட்ரி பாக்ஸும் வாங்க. அந்தப் பாக்ஸை வைத்துத்தான் சார் நான் அந்தக் கணக்குக்குக் கோடு போட்டிருந்தேன்.

அந்தப் பாக்ஸ் இப்போதும் பட்டறையில் இருக்கிறது. மூடி துருப்பிடித்துவிட்டது. உள்ளே ஸ்பிரிங் வாஷர் போட்டு வைத்திருக்கிறேன்.

பத்தாவதில் எழுபத்தொன்று வாங்கினேன். பாலிடெக்னிக் விண்ணப்பத்தை நீங்களே பூர்த்தி செய்து, போட்டோவுக்குப் பணமும் கொடுத்தீர்கள். டிப்ளமோ முடித்துத் தூத்துக்குடியில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, 2012-ல் இங்கேயே படகு எஞ்சின் பட்டறை போட்டேன். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாத ஒன்று, இந்த வருடம் நடந்தது.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அறுபத்தொரு நாள். விசைப்படகெல்லாம் கரையில்தான் நிற்கும். ஒரு வருடத்து ரிப்பேர் முழுவதும் அதற்குள் முடிய வேண்டும், எங்களுக்குத் தூக்கமே இருக்காது. என்னிடம் வேலை கற்றுக்கொள்ளும் ஒரு பையன், பத்தொன்பது வயது, முதல்முறையாக ஒரு டீசல் எஞ்சினைத் தானே பிரித்துப் பூட்டினான். படகுக்காரர் பக்கத்திலேயே நின்று "ஸ்டார்ட் பண்ணுப்பா, ஸ்டார்ட் பண்ணு" என்று அவசரப்படுத்துகிறார். என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினைப் பூட்டி முடித்ததும், ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் ஃப்ளைவீலைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்ற வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இரண்டு சுற்றுதான் ஒரு முழுக் கணக்கு. எங்கேயாவது இடிக்கிறதா என்று கைக்குத் தெரிந்துவிடும். பையன் சுற்றினான். முதல் சுற்று முடிவதற்குள் ஓர் இடத்தில் நின்றுவிட்டது. பின்னால் திருப்பி மறுபடி வந்தான், அதே இடம். திறந்து பார்த்தால் டைமிங் கியரின் புள்ளி பொருந்தாமல் பல் மாறி உட்கார்ந்திருக்கிறது. வால்வு பிஸ்டனில் போய் முட்டுகிறது. அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் வால்வு வளைந்து, பிஸ்டனும் கெட்டு, அவர் கடனில் வாங்கிப் போட்ட சாமானெல்லாம் போயிருக்கும்.

பையன் முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தான், அடிப்பேன் என்று நினைத்தானோ என்னவோ. என் வாயில் வந்தது உங்கள் வார்த்தைதான் சார். "வழி சரி. திரும்பப் போட்டுப் பார்." அவன் கழற்றிப் புள்ளியைச் சேர்த்துப் பூட்டினான். இரண்டு சுற்று சுற்றினான், எங்கும் இடிக்கவில்லை. எஞ்சின் பிடித்துக்கொண்டதும் அவன் சிரித்த சிரிப்பைப் பார்க்க நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். அன்று ராத்திரியே இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். வேலை நெருக்கடியில் நாலு மாதம் தள்ளிப்போய்விட்டது, மன்னியுங்கள்.

அந்தப் படகுக்காரர் வீட்டு வாசலில் நான் சத்தம் போட்டிருந்தால் அப்பாவுக்கு அந்தப் படகில் இடம் போயிருக்கும். என் படிப்பும் அதோடு போயிருக்கும். அதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். அப்பா போன வருடம் இறப்பதற்குச் சில நாள் முன்புகூட "உன் சாரைப் போய்ப் பார்த்தியா" என்று கேட்டார். போகவில்லை என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை பரமக்குடி வருகிறேன். மனைவியும் மகளும் வருகிறார்கள். மகள் ஏழாவது படிக்கிறாள், விகிதம் வராது என்கிறாள். நோட்டைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அம்மாவிடம் சமையல் எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள், காலையில் வரும் சீலா மீனை ஐஸில் வைத்து எடுத்து வருகிறோம். இந்த முறை விலை கேட்காதீர்கள் சார்.

இன்னொன்று. ஏப்ரலில் புதுப் பாலம் திறந்துவிட்டார்கள், ரயில் மறுபடி தீவுக்குள் வருகிறது. கண் நன்றாகத் தேறியதும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஒரு நாள் வாருங்கள். பாம்பன் ஸ்டேஷனுக்கு நானே வந்து நிற்பேன். அந்தப் பையனுக்கும் உங்களைப் பார்க்க வேண்டுமாம், நூறு தடவை கேட்டுவிட்டான்.

ஆசிரியர் தின வணக்கங்களுடன்,
உங்கள் மாணவன்
மிக்கேல்