வாவிக்கரைக் குழுச் செயற்றிட்டம்: புள்ளியிடல் திட்டம் (தரம் 10 புவியியல்)

இந்தத் தாள் மாணவர்களுக்கும் புள்ளியிடும் இரு ஆசிரியர்களுக்கும் பொதுவானது. வேலை தொடங்கும் முதல் வாரமே எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். வீட்டிலும் ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். "என் பிள்ளைக்கு ஏன் குறைந்தது?" என்று கேட்டு வரும் பெற்றோரில் பாதிப் பேர் இதை முன்பே பார்த்திருந்தால் வந்திருக்க மாட்டார்கள்.

வேலை என்ன?

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. முழுவதையும் யாரும் பார்க்கப் போவதில்லை. ஐந்து பேர் கொண்ட ஒவ்வொரு குழுவும் கல்லடிக்கும் பாலமீன்மடுவுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் கரையை எடுத்துக்கொண்டு, அங்குள்ள நிலப்பயன்பாடு, கண்டல், மீன்பிடி, கழிவு கொட்டும் இடங்கள் ஆகியவற்றை ஆறு வாரத்தில் ஆராய வேண்டும். முடிவில் ஒரு வரைபடம், ஒரு அறிக்கை, பத்து நிமிட அளிக்கை.

புள்ளி எப்படிப் பிரிகிறது?

| பகுதி | புள்ளி |
|---|---|
| குழு: களத் தரவு | 15 |
| குழு: வரைபடமும் அறிக்கையும் | 15 |
| குழு: அளிக்கை | 10 |
| தனி: பணிப் பதிவும் சான்றும் | 20 |
| தனி: பொறுப்பேற்ற பங்கின் தரம் | 15 |
| தனி: வாய்மொழி விசாரிப்பு | 15 |
| தனி: சகபாடி மதிப்பீடு | 10 |

குழுவுக்கு 40, தனி ஆளுக்கு 60. சேர்ந்து செய்த வேலைக்குச் சேர்த்துப் புள்ளி கொடுக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் ஒருவருக்கொருவர் உதவ மாட்டார்கள், அவரவர் பக்கத்தை மட்டும் முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் முடிந்த அறிக்கையைப் பார்த்து யார் என்ன செய்தார் என்று எந்த ஆசிரியராலும் சொல்ல முடியாது. அதனால்தான் தனிப் பகுதி பெரியது.

குழுப் பகுதி

களத் தரவுக்கு 12 முதல் 15 வரை பெற வேண்டுமானால் ஒவ்வொரு பதிவிலும் இடம், திகதி, நேரம், எடுத்தவர் பெயர் இருக்க வேண்டும். தரவு இருந்தும் இந்த விபரங்கள் விடுபட்டால் 7 முதல் 11. இணையத்திலிருந்தோ பழைய மாணவர் கொப்பியிலிருந்தோ பெரும்பகுதி வந்திருந்தால் 6க்கு மேல் இல்லை. கல்லடிப் பழைய பாலம் 1924இல் திறக்கப்பட்டது என்று எழுதுவதற்குப் புள்ளி கிடையாது, அது எவருக்கும் கிடைக்கும் தகவல். அந்தப் பாலத்தருகே காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் எத்தனை தோணிகள் கரைக்கு வந்தன என்று நீங்களே எண்ணி எழுதியதற்குப் புள்ளி உண்டு.

வரைபடத்தில் அளவுத்திட்டம், வடக்குத் திசை, குறியீட்டு விளக்கம் மூன்றும் கட்டாயம். அறிக்கையில் தரவிலிருந்து முடிவு எப்படி வந்தது என்பதைத்தான் பார்ப்போம். அழகான அட்டை, நிறப் பிரதி, கொமினிகேசனில் காசு கொடுத்து அடித்த பக்கங்கள் ஆகியவற்றுக்குப் புள்ளி இல்லை. கையால் தெளிவாக எழுதிய அறிக்கை போதும். அளிக்கையில் ஐவரும் பேச வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மேடைக் கூச்சம் உள்ள பிள்ளை வரைபடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கலாம், அவருடைய அறிவை விசாரிப்பில் அளந்துகொள்வோம்.

பணிப் பதிவும் சான்றும் (20)

இந்தத் திட்டத்தின் முதுகெலும்பு இதுதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புவியியல் பாடத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில், வகுப்பறையிலேயே, கையால் எழுத வேண்டும். மூன்றே விடயங்கள்: இந்த வாரம் நான் செய்தது, அதற்கு என்னிடம் உள்ள சான்று, இன்னும் மீதமுள்ளது. எழுதியதும் குழுவில் வேறொருவர் கையொப்பமிடுவார், ஆசிரியர் திகதி போடுவார். கொப்பிகள் வகுப்பறை அலுமாரியில்தான் இருக்கும். ஆறு வாரத்துப் பதிவை ஒரே இரவில் ஒரே பேனாவால் எழுதிக் கொண்டுவந்தால் அது தெரியும், அப்படி எழுத இடமும் வைக்கவில்லை.

சான்று என்பது களக் குறிப்பு, நேர்காணல் தாள், வரைபடத்தின் கிறுக்கல் பிரதி, கணக்குப் போட்ட தாள், திருத்தப்பட்ட வரைவு என எதுவாகவும் இருக்கலாம். புகைப்படம் கட்டாயமில்லை. கைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளை கைபேசி உள்ளவரை விடக் குறைவாகச் செய்தவர் என்று ஆகிவிடக் கூடாது.

17–20: ஆறு வாரமும் பதிவு உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் சான்று உண்டு. தடங்கல் வந்தபோது என்ன மாற்று வழி எடுத்தார் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது.

12–16: பதிவு ஒழுங்காக உண்டு, சில வேலைகளுக்குச் சான்று இல்லை. அல்லது சான்று இருந்தும் "வரைபடம் செய்தேன்" என்ற அளவில் பொதுவாக எழுதப்பட்டிருக்கிறது.

6–11: இரண்டு வாரத்துக்கு மேல் பதிவில்லை, அல்லது பதிவுக்கும் சான்றுக்கும் பொருத்தமில்லை.

0–5: பதிவு பெயருக்குத்தான்.

மழையால் களத்துக்குப் போக முடியாத வாரமும், சுகயீனத்தால் வராத நாளும் குறைவாகக் கணக்கிடப்படாது. அதைப் பதிவில் எழுதினால் போதும். படுவான்கரையிலிருந்து வந்து, பாடசாலை விட்டதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் மாணவர்களும், மாலையில் கரைப்பக்கம் போக வீட்டில் அனுமதி கிடைக்காத மாணவிகளும் இருக்கிறார்கள். அவர்கள் களத்துக்குப் போகாமலே தரவுகளை அட்டவணைப்படுத்துவது, வரைபடம் வரைவது, கேள்விக்கொத்து தயாரிப்பது போன்ற வேலைகளை ஏற்கலாம். கரைக்குப் போனவருக்குக் கூடுதல், வகுப்பில் இருந்தவருக்குக் குறைவு என்று நாங்கள் வைக்கவில்லை. எல்லோருக்கும் சோற்றுப் பார்சல் கட்டி வந்தவருக்கு நன்றி உண்டு, புள்ளி இல்லை.

பொறுப்பேற்ற பங்கின் தரம் (15)

முதல் வாரத்தில் ஒவ்வொரு குழுவும் பணிப் பங்கீட்டுத் தாளை நிரப்பி ஐவரும் கையொப்பமிட்டுத் தர வேண்டும். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே முடிவில் கைக்குக் கிடைக்கக்கூடிய ஒரு பொருள் எழுதப்பட வேண்டும்: நிலப்பயன்பாட்டு அட்டவணை, மீனவர் நேர்காணல் தொகுப்பு, கழிவு இட வரைபடம் என்பதுபோல. "உதவி செய்தல்", "மேற்பார்வை" என்று எழுதினால் தாள் திரும்பி வரும். இடையில் பங்கு மாறினால் தாளைத் திருத்திப் புதிய கையொப்பம் வாங்குங்கள். அந்தப் பொருள் பிழையின்றி, முழுமையாக, மற்றவர்கள் பயன்படுத்தக்கூடிய நேரத்தில் கிடைத்திருந்தால் 12–15. பிந்தியோ அரைகுறையாகவோ வந்து மற்றவர் திருத்த வேண்டியிருந்தால் 6–11. வேறொருவர் செய்து முடித்திருந்தால் 0–5, செய்து முடித்தவருக்கு அது அவருடைய பணிப் பதிவில் சேரும்.

வாய்மொழி விசாரிப்பு (15)

ஒவ்வொரு மாணவரோடும் தனியே ஐந்து நிமிடம். இரு ஆசிரியர்களும் இருப்பார்கள், தனித்தனியே புள்ளியிட்டு சராசரி எடுப்பார்கள். மூன்று கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 5.

முதலாவது அவருடைய பங்கைப் பற்றியது. உதாரணமாக: "இந்த இடத்தைக் கண்டல் என்று நிறம் தீட்டியிருக்கிறீர்கள். எல்லையை எப்படித் தீர்மானித்தீர்கள்?" இரண்டாவது குழுவில் வேறொருவர் செய்த வேலையைப் பற்றியது: "நீங்கள் எடுக்காத நேர்காணல்களில் மீனவர்கள் எதைப் பற்றி அதிகம் முறைப்பட்டார்கள்?" மூன்றாவது எங்கும் எழுதியிராத ஒன்று: "முகத்துவாரம் மணலால் மூடியிருக்கும் காலத்தில் இதே கரையை ஆராய்ந்திருந்தால் உங்கள் தரவில் எது மாறியிருக்கும்?"

வீட்டில் அக்காவோ ரியூசன் சேரோ செய்து கொடுத்த பங்கு முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும். பேச்சுத் தமிழில் பதில் சொல்லலாம். யோசிக்க நேரம் கேட்கலாம், வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டலாம். சரளமாகப் பேசுவதற்குப் புள்ளி இல்லை.

சகபாடி மதிப்பீடு (10)

ஒவ்வொருவரும் மற்ற நால்வரையும் மதிப்பிடுவார்கள், தன்னைத் தானே மதிப்பிடுவதில்லை. ஐந்து கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2: சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் தந்தார், கூட்டங்களுக்கு வந்தார் அல்லது வர முடியாததை முன்பே சொன்னார், மற்றவர் சொன்னதைக் கேட்டார், சிக்கல் வந்தபோது தீர்க்க முயன்றார், அவர் இல்லாவிட்டால் குழுவின் வேலையில் ஏதாவது குறைந்திருக்கும்.

0 அல்லது 2 கொடுத்தால், நடந்த ஒரு சம்பவத்தை ஒரு வரியில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அது 1 ஆகக் கொள்ளப்படும். "நல்ல பிள்ளை" என்பது சம்பவமாகாது. தாள்கள் ஆசிரியரைத் தவிர எவருக்கும் காட்டப்படமாட்டா.

ஒருவருக்குக் கிடைக்கும் நான்கு மொத்தங்களில் மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் நீக்கி, நடுவில் உள்ள இரண்டின் சராசரியை எடுப்போம். 9, 8, 8, 2 என்று வந்தால் புள்ளி 8. கோபத்தில் ஒருவர் கொடுத்த 2 பலிக்காது, நட்பில் ஒருவர் கொடுத்த 9உம் பலிக்காது. நால்வர் குழுவாகிவிட்டால் மூன்று மொத்தங்களில் நடுவில் உள்ளதே புள்ளி. ஐவரும் கூடிப் பேசி எல்லோருக்கும் 10 போட்டுக்கொள்ளவும் கூடும், அதனால்தான் இந்தப் பகுதிக்குப் பத்துக்கு மேல் ஒதுக்கவில்லை.

ஓசிப் புள்ளிக்கு ஒரு தடை

பணிப் பதிவும் விசாரிப்பும் சேர்ந்து 35க்கு 12ஐ எட்டாத மாணவருக்குக் குழுப் புள்ளியில் பாதிதான் சேரும். சுகயீனம், குடும்பத்தில் துக்கம் போன்ற காரணங்கள் இருந்தால் இது பொருந்தாது, வகுப்பாசிரியரிடம் அறிவித்தால் மாற்று வேலை தரப்படும்.

ஒரு கற்பனைக் குழுவை வைத்துப் பார்ப்போம். குழுப் புள்ளி 40க்கு 32.

மாணவர் அ: பதிவு 17, பங்கு 11, விசாரிப்பு 13, சகபாடி 9. தனிப் புள்ளி 50, மொத்தம் 82.

மாணவர் ஆ: பதிவு 15, பங்கு 13, விசாரிப்பு 6, சகபாடி 8. தனிப் புள்ளி 42, மொத்தம் 74. தன் பக்கத்தை அருமையாக எழுதியவர், மற்றவர்கள் செய்ததை வாசிக்கவே இல்லை.

மாணவர் இ: பதிவு 5, பங்கு 7, விசாரிப்பு 5, சகபாடி 5. தனிப் புள்ளி 22. பதிவும் விசாரிப்பும் சேர்ந்து 10 மட்டுமே, ஆகவே குழுப் புள்ளி 16. மொத்தம் 38.

குழுவுக்கு ஒரே புள்ளி என்ற பழைய முறையில் இம்மூவருக்கும் 80 கிடைத்திருக்கும்.

இடையில் சிக்கல் வந்தால்

மூன்றாம் வார முடிவில் ஒவ்வொருவருக்கும் அதுவரையான பதிவுப் புள்ளி சொல்லப்படும். அப்போது பின்தங்கியிருப்பவர் மிச்ச மூன்று வாரத்தில் மீளலாம், இறுதிப் புள்ளி ஆறு வாரத்தையும் பார்த்தே போடப்படும். குழுவில் ஒருவர் வேலை செய்யவில்லை என்றால் அந்த மூன்றாம் வாரத்துக்குள் சொல்லுங்கள். அளிக்கைக்கு முதல் நாள் வந்து சொல்லும் முறைப்பாட்டை வைத்து எங்களால் எதுவும் செய்ய முடியாது.

புள்ளி வெளியானபின் ஐந்து பாடசாலை நாட்களுக்குள், எந்தப் பகுதியில் ஏன் கூட வேண்டும் என்று மாணவரே எழுதித் தரலாம். விசாரிப்பில் இல்லாத மூன்றாவது ஆசிரியர் ஒருவர் கொப்பியையும் சான்றுகளையும் பார்ப்பார். புள்ளி கூடலாம், குறையலாம், அப்படியே இருக்கலாம். எதுவானாலும் காரணம் எழுத்தில் தரப்படும்.